கசியாத ஜாயின்ட்டுக்காக ஐந்து டைல்ஸ் உடைத்தேன்: பிபிஆர் பைப் வெல்டிங் அனுபவம்

கோவைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து மூன்றாவது வாரம், பாத்ரூமில் வெந்நீர் மட்டும் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்வதுகூடத் தப்பு. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறது. கீசரை அப்போதுதான் போட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் தண்ணீர் லைன் பிபிஆர், அதாவது முனைகளை மெஷினில் சுட்டு உருக்கி ஒட்டும் பச்சை பிளாஸ்டிக் பைப். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் என்னவென்றால், அந்த லைனை நாங்கள் முறையாக டெஸ்ட் செய்திருந்தோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் டெஸ்டிங் பம்ப் வைத்து 10 கிலோ பிரஷர் ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் முள் அசையாமல் நின்றது. பிளம்பர் அண்ணன் "ஒரு சொட்டு இறங்கலீங்க" என்று காட்டினார், நானும் நிம்மதியாக டைல்ஸ்காரரை வரச் சொல்லிவிட்டேன். பிரஷர் டெஸ்ட் கசிவைக் காட்டும். உள்ளே ஓட்டை அடைத்திருப்பதைக் காட்டாது. இது எனக்கு அன்று தெரியாது.

கீசர் மேல்தான் முதலில் சந்தேகம். சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, கீசர் அவுட்லெட் ஹோஸைக் கழற்றிப் பக்கெட்டில் விட்டார். தண்ணீர் கொட்டியது. கீசரில் குறையில்லை. அதன் பிறகு நானே ஒரு 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்துவிடும் டைவர்ட்டருக்குக் கீழே உள்ள குழாயில் பச்சைத்தண்ணீரை முழுசாகத் திறந்தால் பக்கெட் 2 நிமிடம் 20 வினாடியில் நிறைந்தது. வெந்நீர்ப் பக்கம் திறந்தால் 5 நிமிடம் 45 வினாடி. அதே டேங்க், அதே 20 எம்எம் பைப், அதே உயரம். கீசருக்கும் டைவர்ட்டருக்கும் நடுவே சுவருக்குள் இருந்தது ஒரே ஒரு எல்போ.

மூன்று டைல்ஸ் உடைத்து அந்த எல்போவை அறுத்தெடுத்தோம். குறுக்காக அறுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. உருகிய பச்சை பிளாஸ்டிக் உள்பக்கமாகச் சுருண்டு, உதடு குவித்த மாதிரி மூடியிருந்தது. நடுவில் பென்சில்கூட நுழையாத ஓட்டை, ஸ்கேல் வைத்தால் 5 எம்எம். எல்போவின் இரண்டு வாயிலும் இதே கதை. வெந்நீருக்குப் போடும் பிஎன் 20 என்ற பிரஷர் ரகப் பைப்பில் 20 எம்எம் என்பது வெளி அளவு, சுவர் 3.4 எம்எம் தடிமன், உள்ளே தண்ணீர் போவது 13.2 எம்எம் துவாரத்தில். அது 5 எம்எம் ஆகிவிட்டால் தண்ணீர் போகும் பரப்பு ஏழில் ஒரு பங்கு. பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் இது தெரியாமலே போயிருக்கும். எங்களுடையது மொட்டைமாடி டேங்க், தண்ணீர் மட்டம் குழாயிலிருந்து மூன்று மீட்டர்தான். அந்த உயரத்துக்கு இப்படி ஒரு அடைப்பைத் தள்ளிக்கொண்டு வரச் சக்தி கிடையாது.

முதலில் வேலை செய்தவர் போனை எடுக்கவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி, முப்பது வருஷமாக இந்த வேலை செய்யும் ஒரு பெரியவர் வந்தார். எல்போவைக் கையில் வாங்கிப் பார்த்ததும் "எத்தனை எண்ணுனாருங்க?" என்றுதான் கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மெஷினில் பைப்பை மாட்டி நிதானமாகப் பத்து வரை எண்ணி, எடுத்து, எல்போவின் அடி முட்டும் வரை அழுத்துவார். அப்போது அது கவனமான வேலை மாதிரித் தெரிந்தது.

சுவரைத் தொடுவதற்கு முன் பெரியவர் வாசலில் உட்கார்ந்து மூன்று துண்டுகளை ஒட்டிக் காட்டினார். வேறு யாருக்கும் இந்தக் கஷ்டம் வரக்கூடாது என்பதால் அதை அப்படியே எழுதுகிறேன்.

மெஷின் 260 டிகிரி. விளக்கு மாறியதும் உடனே ஒட்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் விட்டார், பைப்பையும் ஃபிட்டிங்கையும் மாட்டிச் சுடும் அச்சான டை முழுக்க ஒரே சூடு ஏற. 20 எம்எம் பைப் ஃபிட்டிங்கின் வாய்க்குள் போக வேண்டிய ஆழம் 14 எம்எம். சில கம்பெனி ஃபிட்டிங்கில் ஒரு எம்எம் முன்னே பின்னே இருக்கும், அளந்துகொள்ள வேண்டும். பைப் முனையிலிருந்து 14-ல் ஒரு கோடு, 24-ல் ஒரு கோடு போட்டார். முதல் கோடு உருகிய பிளாஸ்டிக்கில் மறைந்துவிடும். ஒட்டிய பிறகு இரண்டாவது கோட்டுக்கும் ஃபிட்டிங் விளிம்புக்கும் நடுவே 10 எம்எம் இருந்தால் ஆழம் சரி. எட்டுதான் இருக்கிறதென்றால் இரண்டு எம்எம் அதிகமாகத் திணித்துவிட்டோம்.

பைப்பையும் ஃபிட்டிங்கையும் ஒரே சமயத்தில், திருகாமல், நேராக டையில் தள்ள வேண்டும். இரண்டும் முழு ஆழத்துக்குப் போன பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். 20 எம்எம்முக்கு 5 வினாடி, 25-க்கு 7, 32-க்கு 8. வெளியே எடுத்ததும் 4 வினாடிக்குள் ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். 32-க்கு 6 வினாடி வரை போகலாம். 20 எம்எம்மைச் சேர்த்த பிறகு ஆறேழு வினாடி அசையாமல் பிடித்து, அதற்கப்புறம் இரண்டு நிமிடம் அதன்மேல் எந்த இழுவையும் வரக்கூடாது. எல்போ கொஞ்சம் கோணலாக நின்றால் சேர்த்த அந்தக் கணத்திலேயே இம்மி திருப்பிக்கொள்ளலாம். பிறகு திருப்பினால் ஒட்டிய இடம் உள்ளே கிழிந்துபோகும், வெளியே தெரியாது.

முதல் துண்டை இந்தக் கணக்கில் ஒட்டினார். இரண்டாவதைப் பத்து வினாடி சுட்டு முட்டும் வரை அழுத்தினார். மூன்றாவதை மூன்று வினாடியில் எடுத்தார். ஆறியதும் மூன்றையும் ஹேக்ஸாவால் நீளவாக்கில் பிளந்தார். முதலாவதில் உள்ளே மெல்லிய வளையம் ஒன்று, அவ்வளவுதான். இரண்டாவது எங்கள் வீட்டு எல்போவே. மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்தியது. வெளியே பார்க்க மற்ற இரண்டையும்விட அழகாக இருந்தது, பிதுக்கமே இல்லை. பிளந்த முகத்தில் பைப்புக்கும் எல்போவுக்கும் நடுவே தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொடுத்து நெம்பினார், உரிந்து வந்துவிட்டது. முதல் துண்டில் அந்தக் கோடே கிடையாது, இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகிவிட்டன.

"இது டெஸ்ட்ல நிக்கும் தம்பி. பச்சைத்தண்ணி லைன்ல வருஷக்கணக்குலகூட நிக்கலாம். வெந்நீர்ல போட்டீங்கன்னா தினம் நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி ஒரு நாளைக்கு விட்டுரும்" என்றார். அதனால் பயந்துபோய்ச் சூட்டைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள். நல்ல ஜாயின்ட்டுக்கு வெளியே சுற்றிலும் ஒரே சீராக இரட்டை வளையம் பிதுங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் தடிமனாக, மறுபக்கம் காணாமல் இருந்தால் பைப் சாய்வாகப் போயிருக்கிறது.

சுவருக்குள் திரும்ப ஒட்டுவதுதான் பெரிய பாடு. புது எல்போவின் முதல் வாயை வெளியிலேயே ஒட்டிவிடலாம். கடைசி ஜாயின்ட்டுக்கு இரண்டு முனைகளுக்கும் நடுவே மெஷின் டை நுழைய வேண்டும், பிறகு பைப் 14 எம்எம் முன்னே வர வேண்டும். சிமென்ட்டில் இறுகிய பைப் எப்படி அசையும்? சுவரில் பைப்புக்காக வெட்டிய காடியை மேல்நோக்கி மூன்றடிக்கு நீட்டி, பைப்பைச் சுவரிலிருந்து விடுவித்து வெளியே வளைத்து இழுக்கிற மாதிரி செய்தோம். இன்னும் இரண்டு டைல்ஸ் போயின, மொத்தம் ஐந்து. திருகிக் கழற்றி மாட்டும் யூனியன் போட்டால் சுலபம்தான், ஆனால் அதைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது. புதிதாக லைன் போடுகிறவர்கள் கடைசி ஜாயின்ட் எங்கே வருமென்று முதலிலேயே யோசித்து, கை தாராளமாகப் போகும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அத்தனையும் செய்து ஒட்டிய ஜாயின்ட் 6 கிலோவிலேயே வியர்த்தது. மேலே வால்வை மூடியிருந்தோம், ஆனாலும் கீசர் பக்கத்திலிருந்து மெல்லிய ஈரம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு சொட்டு போதும். டையில் பட்டதும் ஆவியாகி, உருகிய பிளாஸ்டிக்கில் குமிழியாக உட்கார்ந்துகொள்கிறது. பெரியவர் சலித்துக்கொள்ளாமல் திரும்ப அறுத்தார். இந்த முறை கீசரை முழுக்க வடித்து, ஹோஸைக் கழற்றி, பைப்புக்குள் காற்று ஊதி, துணியால் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டார். ஃபேனையும் நிறுத்தச் சொன்னார், காற்று பட்டால் அந்த நாலு வினாடிக்குள் மேல் தோல் ஆறிவிடுமாம். டையை நடுநடுவே சூடாக இருக்கும்போதே பருத்தித் துணியால் துடைத்தார். முதலில் வந்தவர் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டெஃப்லான் பூச்சு போன டையில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும்.

வெந்நீர் லைனுக்கு இன்னொன்று சொன்னார். சுவருக்குள் புதைந்த பைப்பைப் பூச்சு பிடித்துக்கொள்ளும். மொட்டைமாடியில் திறந்தவெளியில் ஓடும் பைப் அப்படியில்லை. சாதாரண பிபிஆர் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.15 எம்எம் நீளும். எங்கள் மாடியில் எட்டு மீட்டர் ஓட்டம். தண்ணீர் 40 டிகிரி கூடினால் 48 எம்எம், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். இரண்டு முனையையும் கிளாம்பில் இறுக்கிவிட்டால் பைப் வில்லாக வளைந்து எல்போவைத்தான் இழுக்கும். நடுவில் உள்ள கிளாம்புகளைத் தளர்த்தி பைப் நழுவ விட்டார், திரும்பும் இடத்தில் நீள ஒரு கை அகலம் இடம் விட்டார். பக்கத்தில் ஓடும் பச்சைத்தண்ணீர் லைனுக்கு இந்த அளவு தேவைப்படவில்லை.

கடைசி ஜாயின்ட் ஒட்டி ஒரு மணி நேரம் கழித்து 10 கிலோ ஏற்றினோம், நின்றது. ஆனால் நான் காத்திருந்தது பக்கெட்டுக்காக. 2 நிமிடம் 25 வினாடி. பெரியவரிடம் போனைக் காட்டினேன், சிரித்துக்கொண்டே மெஷினைச் சுற்றி வைத்தார்.

இன்னொரு பாத்ரூமிலும் அதே முதல் ஆள்தான் ஒட்டியிருக்கிறார். அங்கே வெந்நீர்ப் பக்கம் பக்கெட் நிறைய 4 நிமிடம் 10 வினாடி ஆகிறது. அந்த டைல்ஸில் உபரி இரண்டுதான் இருக்கிறது, கடைக்காரர் அதே ஷேடு வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.