தமிழ் ஸ்லைடில் வினைச்சொல் எங்கே நிற்க வேண்டும்? என் வைவா அனுபவம்

முதுகலை இறுதியாண்டில் எங்கள் ஊர்க் கிணறுகளின் நீரை ஆய்வு செய்து, வைவாவுக்குத் தமிழில் ஸ்லைடு தயாரித்தேன். முதல் நாள் இரவு நண்பனிடம் சத்தமாக வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது:

நாங்கள் அளந்தோம்:
• கரைந்த உப்பின் அளவு
• நீர்மட்டம்
• அமில, காரத் தன்மை

கண்ணுக்கு இதில் குறை தெரியாது. வாசித்தால்தான் வாக்கியம் முறிவது கேட்கும். தமிழில் வினை கடைசியில் நிற்பது இயல்பு. அதை மேலே ஏற்றிவிட்டால், கீழே உள்ள சொற்கள் ‘ஐ’ உருபும் இல்லாமல், முடிக்க வினையும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கின்றன. மேல்வரியை “அளந்தவை:” என்று மாற்றினேன். வினையாலணையும் பெயர் வந்ததும் கீழே வெறும் பெயர்ச்சொற்கள் போதும். மூன்றும் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. கண்டவை, விடுபட்டவை, இனிச் செய்ய வேண்டியவை என்று மற்ற ஸ்லைடுகளுக்கும் இதே வழி உதவியது.

அடுத்த ஸ்லைடில் வேறு சிக்கல்:

• மாதிரிகளைச் சேகரித்தோம்
• உப்பின் அளவைக் கண்டறிதல்
• முடிவுகள் ஒப்பிடப்பட்டன
• கோடையில் உப்பு அதிகம்

நான்கு வரி, நான்கு விதமான முடிவு. எல்லாவற்றையும் ‘தல்’ என்று முடித்துவிடலாம் என்றான் நண்பன். ஒழுங்கு வந்துவிடும்தான், ஆனால் தொழிற்பெயர் காலம் காட்டாது. “கண்டறிதல்” என்றால் கண்டறிந்தாயிற்றா, இனிமேல்தானா? ஆய்வுத் திட்டத்தை முன்வைக்கும்போது அது பொருந்தும். முடித்த வேலைக்கு நான் இப்படி எழுதினேன்:

• 12 கிணறுகளில் மாதிரி எடுத்தோம்
• உப்பின் அளவைக் கண்டறிந்தோம்
• மழைக்கால அளவோடு ஒப்பிட்டோம்

நான்காவது வரியை எப்படித் திருத்தியும் அது மற்றவற்றோடு சேரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அது வேலையே இல்லை, கண்டுபிடிப்பு. ஒரு வரி இப்படி அடம்பிடித்தால் பெரும்பாலும் அது வேறு இடத்துக்கு உரியது. “முடிவுகள்” என்று மொட்டையாக இருந்த அடுத்த ஸ்லைடின் தலைப்பை எடுத்துவிட்டு, “கோடையில் கிணற்று நீரில் உப்பு கூடுகிறது” என்று முழு வாக்கியமாகவே வைத்தேன். வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிட்டது.

கடைசியாக, அலகுகள். குடிநீரில் கரைந்த திடப்பொருளுக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவை “500 மி.கி./லி.” என்று போட்டிருந்தேன். வாய் “லிட்டருக்கு 500 மில்லிகிராம்” என்று சொல்ல, கண்ணோ எண்ணில் தொடங்கி லிட்டரில் முடிகிறது. அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி திணறினேன். அட்டவணைக்குள் சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, வாசிக்க வேண்டிய வரியில் மட்டும் சொல்லும் வரிசையிலேயே எழுதினேன். மறுநாள் வைவாவில் அந்த வரியைத் தடங்கலின்றி வாசித்தேன்.