கையில் 54 மிச்சம், ஆனாலும் 16 பற்றாக்குறை

நண்பர்கள் சேர்ந்து எடுத்த குறும்படத்தில் கணக்கு வேலை என் தலையில் விழுந்தது. வேறு யாரும் அதற்குக் கை தூக்கவில்லை, அவ்வளவுதான். 16 பக்கக் கதை, 8 நாள் படப்பிடிப்பு, வார இறுதிக்கு இரண்டு நாளாக நான்கு வாரம். தொகைகளை அப்படியே சொன்னால் குழப்பும். அதனால் மொத்த பட்ஜெட்டை 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்த 100-ஐ நாங்கள் பிரித்தது இப்படி: முன்தயாரிப்புக்கு 8, நடிகர்களுக்கு 10, லொகேஷனுக்கும் ஆர்ட் வேலைக்கும் 12, எடிட்டிங், ஒலி, நிறம் சரிசெய்யும் டிஐ, இசை எல்லாம் சேர்த்துப் பின்தயாரிப்புக்கு 14, எதிர்பாராத செலவுக்கு 8. மீதி 48 படப்பிடிப்பு நாட்களுக்கு. கேமரா, லைட், வண்டி, சாப்பாடு, டெக்னீஷியன் சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதாவது ஒரு நாள் படப்பிடிப்பு என்றால் 6.

முதல் வாரம் நான் செய்தது வீட்டுக் கணக்கு மாதிரிதான். பணம் போகப் போக நோட்டில் எழுதினேன், ராத்திரி கூட்டிப் பார்த்தேன். இரண்டாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை கூட்டியபோது 46 வந்தது. படப்பிடிப்பில் பாதி முடிந்திருக்கிறது, செலவு பாதியைத் தொடவில்லை, கையில் 54 இருக்கிறது. நன்றாகத்தான் போகிறோம் என்று இயக்குநருக்கு மெசேஜ் கூட அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கே லைட் வாடகைக்காரர் நான்கு நாளுக்கான பில்லை அனுப்பினார். கூடவே வண்டி பில். இரண்டுமே நடந்து முடிந்த வேலைக்கானவை, என் நோட்டில் ஒரு வரி கூட இல்லை. பணம் கையை விட்டுப் போனால்தான் செலவு என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் வேலை நடந்த அன்றே அது செலவாகிவிடுகிறது. பில் வருவதுதான் தாமதம்.

ஏற்கெனவே சில படங்களில் புரொடக்‌ஷன் மேனேஜராக வேலை பார்த்த ஒரு அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "போன பணத்தை எழுதியிருக்கே. போகப்போற பணம் எங்கே?" பிறகு ஒரு தாளில் நான்கு பத்தி போட்டுக் கொடுத்தார். முதலில், கொடுத்து முடித்தது. இரண்டாவது, வேலை முடிந்தோ வாக்குக் கொடுத்தோ இன்னும் கொடுக்காதது. மூன்றாவது, இன்றிலிருந்து படம் முடியும்வரை ஆகப்போவது. மூன்றையும் கூட்டினால் நான்காவது, படம் முடியும்போது மொத்தம் எவ்வளவு என்ற கணிப்பு. வாராவாரம் பார்க்க வேண்டியது அந்த நான்காவதை மட்டும்தான். "மூணாவது பத்தியில பட்ஜெட்டிலிருந்து கழிச்சு வர்ற மீதியை எழுதிடாதே. அப்படி எழுதினா எப்பவுமே கணக்கு சரியா வரும், படம்தான் முடியாது" என்றார்.

மூன்றாவது பத்தியை நிரப்பத்தான் ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. இன்னும் எத்தனை நாள் ஷூட் செய்ய வேண்டும்? திட்டப்படி நான்கு. ஆனால் நான்கு நாளில் 8 பக்கம் முடிந்திருக்க வேண்டும், நாங்கள் முடித்ததோ 6. மீதி 10 பக்கம். இதே வேகத்தில் போனால் கிட்டத்தட்ட 7 நாள். முதல் நாள் எல்லோரும் தடுமாறியதைக் கழித்துவிட்டு 6 என்று வைத்தேன். அடுத்தது, ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது? கொடுத்ததையும் கொடுக்காததையும் சேர்த்து நான்கு நாளுக்கு 28. அப்படியானால் ஒரு நாளைக்கு 7. தினமும் பேசிய 12 மணி நேரத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் இழுத்திருக்கிறோம். ஆட்களுக்கு ஓவர்டைம், வண்டிக்குக் கூடுதல், ஜெனரேட்டருக்கு டீசல் என்று அந்த 1 ஏறியிருந்தது.

சரி, கூட்டினேன். கொடுத்தது 46. கொடுக்க வேண்டியது 11: படப்பிடிப்பு பில்கள் 6, நடிகர்களுக்குப் பாக்கி 5. ஆகப்போவது, ஆறு நாள் ஷூட்டுக்கு 42, லொகேஷனுக்கு இன்னும் 3, பின்தயாரிப்புக்கு 14, ஆக 59. மொத்தம் 116. எதிர்பாராத செலவுக்கு வைத்திருந்த 8-ஐயும் விழுங்கிவிட்டு அதற்கு மேல் 16 துண்டு விழுகிறது.

இதற்கிடையே எதிர்ப்பக்கமாகவும் ஒரு தவறு பிடிபட்டது. ஆர்ட் உதவியாளரிடம் கொடுத்திருந்த முன்பணத்தை அப்படியே செலவு என்று எழுதியிருந்தேன். அவரிடம் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ரசீது வந்து கணக்கு முடியும்வரை அது செலவல்ல, அவர் கையில் இருக்கும் நம் பணம். தொகை சின்னது. ஆனாலும் அன்றிலிருந்து பழைய முன்பணத்துக்குக் கணக்கு வராமல் புதிதாகக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கெட்ட பெயரும் வாங்கினேன்.

எதை வெட்டுவது என்று பேச உட்கார்ந்தபோது இயக்குநர் முதலில் சொன்னது, "அண்ணே, மிக்ஸிங்கை நம்ம பையன் ஒருத்தன் வீட்லயே பண்ணிக் கொடுத்துடுவான். டிஐயும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்." எல்லோருக்கும் கை முதலில் போவது பின்தயாரிப்பு மேலேதான். காரணம் எளிது: அங்கே யாருக்கும் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை, வெட்டினால் யார் முகமும் வாடாது. ஆனால் நாங்கள் ஷூட் செய்த வீடு சாலையோரம். வசனத்துக்கு அடியில் ஓடுகிற வண்டிச் சத்தத்தைச் சரிசெய்ய அந்த 14-தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவர், என் சம்பளத்தையும் இயக்குநர் சம்பளத்தையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அது வெட்டு இல்லை, கடன். இரண்டாவது பத்தியில் அப்படியே உட்கார்ந்திருக்கும், நான்காவது பத்தி அசையாது. சாப்பாட்டில் கை வைக்கும் பேச்சும் வந்தது. அதில் மிச்சமாவது ஒன்றுமில்லை, மதியத்துக்கு மேல் வேலை படுத்துவிடும்.

தாளைத் திரும்பப் பார்த்தால் பெரிய எண் ஒன்றுதான்: நாள். ஒரு நாளை எடுத்தால் 7 போகும். வேறு எதைச் சுரண்டினாலும் கால், அரைதான். ஆக, இரண்டு நாளை எடுக்க வேண்டும். எந்த இரண்டு நாள்?

மீதிக் காட்சிகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பினோம். காட்சியின் நீளத்தை, ஒரு பக்கத்தை எட்டாகப் பிரித்து எண்ணுவது வழக்கம். அதைப் பார்த்து நாள் ஒதுக்கியதில்தான் முதலிலேயே தப்பு நடந்திருந்தது. அப்பா ராத்திரியில் சாலையில் தனியாக நடந்து வரும் காட்சி எட்டில் மூன்று பங்குதான், அரைப் பக்கம் கூட இல்லை. ஆனால் அதற்கு ஒரு முழு ராத்திரி, பெரிய லைட், ஜெனரேட்டர், சாலை அனுமதி. விடியும்வரை வேலை பார்த்தவர்களை மறுநாள் காலையிலேயே வரச் சொல்லவும் முடியாது. வீட்டுக்குள் நடக்கும் மூன்று பக்க வாக்குவாதம் ஒரே நாளில் முடிகிற வேலை. அதனால் ஒவ்வொரு சீட்டிலும் பக்க அளவை அடித்துவிட்டு அந்தக் காட்சி எவ்வளவு நேரம் தின்னும் என்று எழுதினோம். இடம் மாறுகிறதா என்பதையும் குறித்தோம். முதல் நான்கு நாளில் நாங்கள் பின்தங்கியதற்குக் காரணமே அதுதான். ஒவ்வொரு முறை மூட்டை கட்டி இன்னோர் இடத்தில் பிரிக்கும்போதும் இரண்டு மணி நேரம் போயிருந்தது.

காட்சி போனால் கதைக்கு என்ன ஆகும் என்பதை எங்களுக்குள் பேசித் தீர்க்க முடியவில்லை. எங்களுக்குக் கதை மனப்பாடம். எடிட்டர்தான் வழி சொன்னார். எடுத்த காட்சிகளைத் தோராயமாக ஒட்டி, எடுக்காத இடங்களில் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதிப் போட்டார். பிறகு ராத்திரிச் சாலைக் காட்சிக்கான வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கதை தெரியாத இரண்டு பேருக்குக் காட்டினோம். அப்பா எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று இருவருமே கேட்கவில்லை. அவர் ஏன் மகளுக்கு ஃபோன் செய்யவில்லை என்று ஒருவர் கேட்டார். அது வேறு காட்சி, அதைத் தொடவே கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ராத்திரிக் காட்சி போயிற்று. மறுநாள் அதற்காக வீணாவதையும் சேர்த்தால் அதிலேயே ஒரு நாளுக்குக் குறையாமல் மிச்சம். மருத்துவமனை வராந்தாவில் நடக்க வேண்டியதை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நடப்பதாக மாற்றினோம். இடம் மாறாததால் அரை நாள். வராந்தாவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்று இயக்குநர் தயங்கினார். அது முதல் பத்திக்குப் போய்விட்ட பணம், ஷூட் செய்தாலும் செய்யாவிட்டாலும் திரும்பாது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வரும் இரண்டு காட்சிகளை ஒன்றாக்கியதில் இன்னோர் அரை நாள். இரண்டு நாள், 14. வராந்தா வாடகையில் பாக்கியும் சாலை அனுமதிச் செலவும் இல்லாமல் போனதில் 2. இனி வீட்டுக்குள்தானே என்று, நடந்துகொண்டே எடுத்தாலும் கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலையும் இரண்டு பெரிய லைட்டையும் திருப்பிக் கொடுத்ததில் நாளுக்கு அரை, நான்கு நாளுக்கு 2. 116 என்பது 98 ஆனது. மீண்டும் ஏதாவது நடந்தால் தாங்க 2 மட்டுமே மிச்சம்.

வெட்டியதை எல்லோரிடமும் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ராத்திரிக் காட்சிக்காக ஒளிப்பதிவாளர் லைட் பிளான் வரைந்து வைத்திருந்தார். அவரிடம் ஃபோனில் சொல்லாமல் நேரில் போய்த் தாளைக் காட்டினேன். எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கிம்பலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதே அவர்தான்.

அடுத்த இரண்டு வாரமும் ஷூட் முடிந்த ராத்திரியே அன்றைய ஓவர்டைமை எழுதினேன், பில்லுக்குக் காத்திருக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் இழுத்ததில் கணிப்பு 99 ஆனது. நான்காவது வாரம் இடம் மாறாததால் பக்கங்கள் வேகமாக நகர்ந்தன, 99-இலேயே நின்றது. பிறகு வாடகைக்காரர் உடைந்த லைட் ஸ்டாண்டுக்கு 1 பிடித்துக்கொண்டார். வாசல் காட்சியில் வண்டி ஹாரன் வசனத்தின் மேலேயே விழுந்திருந்ததால் அரை நாள் டப்பிங், அதற்கு இன்னொரு 1. ஆக 101-இல் முடிந்தது. அந்த ஒன்றை நானும் இயக்குநரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம்.

மருத்துவமனை வராந்தாவை விட்டதில் மட்டும் எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு. வாசலில் அந்தக் காட்சி சுமாராகத்தான் வந்திருக்கிறது. இயக்குநருக்கு அதுதான் பிடித்த காட்சியாம்.