"ஒரு பீரியட் முழுக்கச் சும்மா இருந்தானே!" – டூரெட் பற்றிப் பள்ளியில் பேசிய அனுபவம்

என் மகன் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதுதான் டூரெட் சிண்ட்ரோம் என்று உறுதியானது. கண்ணை இறுக்கிச் சிமிட்டுவான், கழுத்தை இடப்பக்கம் வெட்டுவான், தொண்டையில் 'ம்க்' என்று சத்தம் வரும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் அசைவையும் சத்தத்தையும்தான் டிக் என்கிறார்கள். அதற்குள் கண் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர் எல்லோரையும் பார்த்து முடித்திருந்தோம். கடைசியாகப் போன குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், நான் போனில் எடுத்திருந்த வீடியோவைத்தான் முதலில் கேட்டார். டாக்டர் அறையில் பல பிள்ளைகளுக்கு டிக் வராதாம். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. உடல் அசைவு டிக் குறைந்தது இரண்டு, சத்த டிக் ஒன்று, தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருப்பது, இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அறிக்கையோடு வகுப்பாசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் அவரிடம் பலமான ஒரு வாதம் இருந்தது. "போன வாரம் கண்டிச்சுச் சொன்னேன், ஒரு பீரியட் முழுக்கச் சும்மா இருந்தான். அப்போ அவன் நினைச்சா முடியும்தானே மேடம்?"

முடியும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஏறுமே, அது மாதிரி ஒரு உந்துதல் டிக்குக்கு முன்னால் வரும். ஓரளவு பெரிய பிள்ளைகள் அதைத் தெளிவாகச் சொல்வார்கள். என் மகன் "கழுத்துல ஏதோ இறுக்குதும்மா" என்பான். வெட்டினால்தான் இறுக்கம் தணியும். கொஞ்ச நேரம் பிடித்துவைக்கலாம், ஆனால் மனசு முழுவதும் கழுத்திலேயே இருக்க வேண்டும்.

அவன் 'சும்மா இருந்த' அந்த நாளின் நோட்டை டீச்சர் முன் விரித்தேன். அன்று தமிழ் டிக்டேஷன். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. முதல் ஐந்தாறு வாக்கியங்கள் சரி. அப்புறம் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது, அடுத்தது இல்லவே இல்லை. அதற்கு முந்தின வாரம், வெட்டிக்கொண்டும் கனைத்துக்கொண்டும் எழுதிய டிக்டேஷனில் ஒரு வார்த்தைகூட விடுபடவில்லை. டீச்சர் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேசியதைவிட அந்த நோட்டு பேசியதுதான் அதிகம்.

பிடித்துவைத்தால் பின்னால் இரட்டிப்பாக வரும் என்று பெற்றோர்கள் பலர் சொல்வோம். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது அப்படித் தெரியவில்லை என்றார் மருத்துவர். அதனால் அந்த வாதத்தை நான் வைக்கவில்லை. கவனம் போகிறது என்பதே போதுமான காரணம். இன்னொன்று, பதற்றம் டிக்கைக் கூட்டும். டிக் பற்றிப் பேசினாலே வரும். "கழுத்தை ஆட்டாதே" என்று வகுப்பு நடுவே சொன்னால், நாற்பது கண்கள் திரும்பும், கழுத்து இன்னும் வெட்டும்.

பேசி முடித்து இவ்வளவுதான் ஏற்பாடு செய்தோம்: டிக்கைக் கண்டுகொள்ள வேண்டாம். முதல் பெஞ்சும் வேண்டாம், கடைசி பெஞ்சும் வேண்டாம்; கதவோரம் உட்காரட்டும், பின்னாலிருந்து பார்ப்பவர்கள் குறைவு. தாங்கவில்லையென்றால் தண்ணீர் பாட்டிலை மேஜையில் நிமிர்த்தி வைப்பான், கேட்காமலே வெளியே போய் வரலாம். தேர்வைத் தனி அறையில் எழுதலாம். அவனிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் டீச்சர் மற்ற பிள்ளைகளுக்குச் சொன்னார். கெட்ட வார்த்தை பேசும் நோயா என்று ஒரு பையன் கேட்டானாம். சினிமா செய்த வேலை! அது டூரெட் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்குத்தான் வரும்.

நடுவில் ஒரு குளறுபடி. உளவியல் நிபுணரிடம் அவன் நடத்தைப் பயிற்சி ஆரம்பித்திருந்தான். கழுத்தில் உந்துதல் வந்ததும் மோவாயை லேசாக உள்ளே இழுத்து, அது தணியும்வரை மெதுவாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட விளையாட்டு ஆசிரியர், டிக் வரும்போதெல்லாம் "எக்ஸர்சைஸ் பண்ணு" என்று மைதானத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் பழைய "ஆட்டாதே"தான் வேறு சட்டை போட்டு வந்தது. எந்த டிக்கை எடுப்பது, எப்போது செய்வது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யும், ஆசிரியர் நினைவூட்ட வேண்டாம் என்று நிபுணரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். நின்றது.

காலை வழிபாடு இன்னும் கஷ்டம்தான். அந்த மௌனத்தில் 'ம்க்' எல்லோருக்கும் கேட்கும். இப்போதைக்கு வரிசையின் கடைசியில் நிற்கிறான்.

டிக் ஒரே மாதிரி இருக்காது, சில வாரம் ஓயும், சில வாரம் கூடும், ஒன்று போய் இன்னொன்று வரும். பொதுவாக 10 முதல் 12 வயதில் உச்சம், பதின்வயது முடிவதற்குள் பலருக்குக் குறையும். ஏழாம் வகுப்பு டீச்சருக்குக் கடிதம் கொடுக்கும்போது பழையதையே ஜெராக்ஸ் எடுக்க முடியவில்லை. கண் சிமிட்டல் போய்விட்டது. தோளைத் தூக்குவது புதிதாகச் சேர்ந்திருக்கிறது.