செராமைடு மட்டும் இருந்தால் போதுமா? எரிந்த கன்னத்தைச் சரிசெய்த அனுபவம்

முகப்பருவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அடாபலீன் ஜெல்லைப் போட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வெறும் தண்ணீர் பட்டால்கூடக் கன்னம் எரிந்தது. மூக்கோரம் தோல் உரிந்தது, வழக்கமாகப் போடும் மாய்ஸ்சரைசரும் சுருக்கென்றது. பழகிய கிரீமே எரிகிறதென்றால் தோலின் மேல்தடுப்பு பழுதாகியிருக்கிறது என்றார் டாக்டர். ஜெல்லை நிறுத்திவிட்டு, தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பு வகையான செராமைடு உள்ள கிரீமைப் போடச் சொன்னார்.

கடையில் முன்பக்கம் "செராமைடு" என்று போட்ட டியூப்கள் நிறைய இருந்தன. பின்பக்கம் திருப்பிப் படித்தால் பலவற்றில் கொலஸ்ட்ராலே இல்லை. நான் அதைத்தான் தேடினேன், காரணம் இருக்கிறது. மேல்தோலில் இறந்த செல்கள் செங்கல் என்றால் இடையில் இருக்கும் கொழுப்புதான் சாந்து. அதன் எடையில் ஏறத்தாழ பாதி செராமைடு, கால்பங்கு கொலஸ்ட்ரால், அப்புறம் 10 முதல் 15 சதவீதம் கொழுப்பு அமிலங்கள். 1993-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோல் மருத்துவர் பீட்டர் இலையாஸ் குழுவினர் எலிகளின் தோலை அசிட்டோனால் துடைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டு, இவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் தடவாத தோலைவிட அது தாமதமாகத்தான் ஆறியது! மூன்றையும் சேர்த்துத் தடவியபோது தாமதம் இல்லை. பிறகு மூன்றில் ஒன்றைக் கூட்டி 3:1:1 விகிதத்தில் கலந்தபோது இயல்பைவிட வேகமாகவே ஆறியது. தடவிய கொழுப்பு மேலேயே தங்கிவிடாமல் அடியில் உள்ள உயிருள்ள செல்களுக்குள் போய், அங்கே உருவாகும் கொழுப்போடு கலந்து வெளியே வருகிறது, விகிதம் கெட்டால் அடுக்கும் கோணலாகிறது.

அதற்காக, செராமைடு மட்டும் உள்ள கிரீம் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். கடைக் கிரீம்களில் அதன் அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் சதவீதத்தை அச்சிடுவதும் இல்லை, உடனடி ஆறுதலைத் தருவது கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும்தான். ஆனாலும் அதே விலையில் மூன்றும் கிடைக்கும்போது மூன்றும் உள்ளதையே எடுக்கலாம். நான் வாங்கியதில் செராமைடு என்பி, கொலஸ்ட்ரால், ஸ்டியரிக் அமிலம் மூன்றும் இருந்தன. சித்தி ஆலிவ் எண்ணெய் தடவச் சொன்னார், மறுத்துவிட்டேன்: அதில் அதிகம் இருக்கும் ஒலியிக் அமிலம் அந்தக் கொழுப்பு அடுக்கையே தளர்த்திவிடும்.

சோப்பை அடியோடு விட்டேன். செராமைடைத் தயாரிக்கும் என்சைம்கள் தோலின் லேசான அமிலத்தன்மையில்தான் நன்றாக வேலை செய்யும், சோப்போ காரம். மென்மையான கிளென்சரால் கழுவி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் காலையும் இரவும் கிரீம், உரிந்த இடத்தில் அதன்மேல் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி, அவ்வளவுதான். எரிச்சல் முதலில் போனது, உரிவது நிற்க இன்னும் சில வாரம் ஆனது. நீர் கசிந்தாலோ மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ அது தொற்றாக இருக்கலாம், அங்கே கிரீம் உதவாது, டாக்டரிடம் போக வேண்டும்.

தண்ணீர் பட்டும் எரியாத பிறகு, அவர் சொன்னபடி அடாபலீனை மறுபடி தொடங்கினேன். இப்போது ஒரு இரவு விட்டு ஒரு இரவு, முதலில் கிரீம், அதைத் தோல் உறிஞ்சிய பிறகு பட்டாணி அளவு ஜெல்.