மூன்று நோடில் இருந்தும் அழிந்துபோன என்ட்ரி

நேற்று இரவு ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். சில நூறு ஓட்டத்துக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டி, மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த பிழை இது. பல கணினிகளை ஒரே லாகை ஒத்துக்கொள்ள வைக்கும் ராஃப்ட் முறையைக் கோ மொழியில் நானே எழுதிவருகிறேன், ஐந்து நோடு. எந்த நோடு எந்த இடத்தில் எந்த என்ட்ரியைச் செயல்படுத்தியது என்பதைச் சோதனை நிரல் குறித்துக்கொண்டே வரும். ஒரே இடத்துக்கு இரண்டு வெவ்வேறு என்ட்ரி வந்தால் அங்கேயே நிறுத்திவிடும். நின்றது இப்படி:

```
apply mismatch index=2
  s1: x=5 (term 2)
  s5: x=9 (term 3)
```

அதாவது, `x=5` கமிட் ஆகிவிட்டது என்று s1 கிளையண்டுக்குப் பதில் சொல்லிவிட்டது. அதன் பிறகு அதே இரண்டாம் இடத்தில் `x=9` என்று மற்றவை ஒத்துக்கொண்டுவிட்டன. லீடர் தேர்தல் இழுத்தடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது.

முதலில் ஓட்டுப் பதிவின் மேல்தான் சந்தேகம் வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் ஏறும் எண்தான் டெர்ம். ஓட்டுப் போட்ட நோடு `votedFor`-ஐ வட்டில் எழுதும் முன்பே பதில் அனுப்பிவிட்டு விழுந்தால், எழுந்ததும் அதே டெர்மில் இன்னொருவருக்கும் ஓட்டுப் போட்டுவிடும். ஒரே டெர்முக்கு இரண்டு லீடர் வந்துவிடுவார்கள். இரண்டு மாலை இதிலேயே போயிற்று. என் நிரலில் எழுதிய பிறகுதான் பதில் போகிறது, எந்த ஓட்டத்திலும் ஒரு டெர்முக்கு இரண்டு லீடர் வரவில்லை. ஓட்டுக் கேட்பவரின் லாகை ஒப்பிடும் இடமும் சரியாகவே இருந்தது: கடைசி என்ட்ரியின் டெர்ம் யாருக்குப் பெரியதோ அவர் முன்னால், டெர்ம் சமமானால் நீளமான லாக் முன்னால். எண்ணிக்கையிலும் தவறில்லை. ஐந்தில் மூன்று நோடில் `x=5` உண்மையிலேயே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் நிஜக் கடிகாரத்தில், 150 முதல் 300 மில்லிசெகண்டுக்குள் ஏதாவது ஒரு டைம்அவுட் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பிழை வந்த சீடையே திரும்பக் கொடுத்தாலும் ஓட்டம் வேறு மாதிரிப் போகும். கடைசியில் எல்லா டைமரையும் பிடுங்கிவிட்டு, போலி நேரத்தில் ஓடும் ஒரு நிகழ்வு வரிசையை எழுதினேன். ஒரு வாரம் பிடித்தது. அதைச் செய்யாமல் இந்தப் பிழையைப் பார்த்தே இருக்க மாட்டேன். ராஃப்ட் எழுத உட்காருபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

சரி, சீடைத் திரும்ப ஓட்டியபோது கண்டது இதுதான். முதல் இடத்தில் எல்லோரிடமும் டெர்ம் 1 என்ட்ரி இருக்கிறது. டெர்ம் 2-இல் s1 லீடர். இரண்டாம் இடத்தில் `x=5` எழுதி, s2-க்கு மட்டும் அனுப்பிவிட்டு விழுகிறது. டெர்ம் 3-இல் s5 எழுகிறது. s3, s4 இரண்டின் லாகும் s5-இன் லாக் போலவே டெர்ம் 1-இல் நிற்பதால் இரண்டும் ஓட்டுப் போடுகின்றன. லீடரான s5 தன் இரண்டாம் இடத்தில் `x=9` எழுதி, யாருக்கும் அனுப்பும் முன்பே விழுகிறது. அப்புறம் s1 திரும்பி வந்து, s2, s3 ஓட்டில் டெர்ம் 4-க்கு லீடர் ஆகிறது. பழைய `x=5`-ஐ s3-க்கும் அனுப்புகிறது. இப்போது மூன்று நோடில் இருக்கிறது, பெரும்பான்மை. என் நிரல் அதைக் கமிட் செய்தது. அடுத்த கணம் s1 மறுபடி விழுகிறது.

இப்போது s5 எழுந்து டெர்ம் 5-க்கு ஓட்டுக் கேட்கிறது. அதன் கடைசி என்ட்ரி டெர்ம் 3. s2, s3 இரண்டின் கடைசி என்ட்ரியும் டெர்ம் 2, s4-இடம் டெர்ம் 1. விதிப்படி மூவரும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். லீடரான s5 தன் லாகைத் திணிக்க, `x=5` அவர்களிடமிருந்து அழிகிறது.

இந்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டு விதி, ஒரு என்ட்ரி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, கடைசி என்ட்ரியின் டெர்மைத்தான் பார்க்கிறது. `x=5` டெர்ம் 4-இல் பரப்பப்பட்டாலும் அதன் மேல் இருக்கும் முத்திரை டெர்ம் 2 தான். அதைவிடப் பெரிய முத்திரையோடு ஒரு லாக் எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால், எழுந்து வந்து தேர்தலில் வென்றுவிடும். ஆங்காரோவும் ஔஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் கட்டுரையின் எட்டாவது படம் இதே காட்சிதான். பல முறை படித்திருக்கிறேன். என் நோடுகளில் நடந்து பார்த்த பிறகுதான் மனதில் ஏறியது.

திருத்தம் ஒரே ஒரு நிபந்தனை. எண்ணிக்கை பார்த்துக் கமிட் செய்வது நடப்பு டெர்ம் என்ட்ரிக்கு மட்டும்:

```go
for n := len(rf.log) - 1; n > rf.commitIndex; n-- {
    if rf.log[n].Term != rf.currentTerm {
        break
    }
    if rf.countMatch(n) > len(rf.peers)/2 {
        rf.commitIndex = n
        break
    }
}
```

லாகில் டெர்ம் ஒருபோதும் குறையாது. அதனால் பின்னாலிருந்து வரும்போது பழைய டெர்ம் எட்டியதும் நிறுத்திவிடலாம். பழைய என்ட்ரிகள் தனியாகக் கமிட் ஆகாது, அவற்றுக்குப் பின்னால் வரும் நடப்பு டெர்ம் என்ட்ரி கமிட் ஆகும்போது சேர்ந்தே ஆகும். அதே கதையில் s1 மூன்றாம் இடத்தில் ஒரு டெர்ம் 4 என்ட்ரி எழுதி, அது s2, s3 இரண்டுக்கும் போயிருந்தால்? டெர்ம் 3-இல் நிற்கும் s5-க்கு அவை ஓட்டுப் போடாது. தன் ஓட்டும் s4 ஓட்டும் சேர்த்து இரண்டுதான், தேர்தலில் தோற்றுவிடும்.

அந்தச் சீட் இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் இன்னொரு சோதனை தொங்க ஆரம்பித்தது. புதிய லீடர் வந்த பிறகு கிளையண்ட் எதுவும் எழுதவில்லை என்றால் நடப்பு டெர்மில் என்ட்ரியே இருக்காது. பழையவை பெரும்பான்மையிடம் இருந்தும் கமிட் ஆகாமல் காத்துக் கிடக்கும். இதற்கும் வழி உண்டு: லீடர் ஆனதும் வெற்று என்ட்ரி ஒன்றைத் தானே லாகில் போட்டுவிட வேண்டும். போட்டேன், தொங்கல் தீர்ந்தது. ஆனால் கிளையண்ட் எழுத்துக்கு வரும் இட எண்கள் ஒவ்வொரு தேர்தலிலும் ஒன்று தள்ளிப்போவதால், எண்ணை எதிர்பார்த்து எழுதிய என் பழைய சோதனைகள் எல்லாம் உடைந்துவிட்டன. பாதியைத் திருத்தியிருக்கிறேன்.

அதை முடிக்கும் முன்பே மனம் முன்வாக்கெடுப்புக்குப் போய்விட்டது. தனியாகத் துண்டிக்கப்பட்ட நோடு டெர்மை ஏற்றிக்கொண்டே போய், திரும்பி வந்ததும் நல்ல லீடரைக் கீழே இறக்கிவிடுகிறது. டெர்மை ஏற்றும் முன் "நின்றால் ஓட்டுப் போடுவீர்களா" என்று கேட்டுப் பார்க்க வைத்தால் அது நிற்கும். அதற்கான செய்தி வகையை மட்டும் எழுதி வைத்தேன். இன்று இரவு மீதிச் சோதனைகள்.