கடல் சொன்ன தளவமைப்பு

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே இருந்த ஓர் இறால், கணவாய் பதப்படுத்தும் ஆலையில் உற்பத்திப் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தேன். தலையும் ஓடும் நீங்கினால் இறாலின் எடையில் ஏறத்தாழ பாதி போய்விடும். எறியப்போகும் எடைக்கும் அதைக் குளிர்விக்கும் ஐஸுக்கும் லாரி வாடகை கொடுப்பதைவிட, படகுத் துறைக்கு அருகிலேயே ஆலையை வைப்பது நியாயம். நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் நல்ல தண்ணீருக்குச் செலவு கூடியது உண்மைதான். ஆனாலும் அந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழை இருந்தது உள்ளே தளத்தைப் பிரித்த விதத்தில்.

தொடக்கத்தில் இருந்தது செயல்முறைத் தளவமைப்பு. கழுவ ஓர் அறை, உரிக்கவும் வெட்டவும் ஓர் அறை, தரம் பிரிக்க ஓர் அறை என எல்லாச் சரக்கும் எல்லா அறைகளையும் சுற்றிவரும். ஒருநாள் காலை பத்து மணிக்கு அறைகளுக்கு நடுவே நின்ற பெட்டிகளை எண்ணினேன். 20 கிலோ பெட்டிகள் 30 இருந்தன, அதாவது 600 கிலோ. மணிக்கு 200 கிலோதான் முடிந்து வெளியேறியது. எனவே ஒரு பெட்டி சராசரியாக 3 மணி நேரம் உள்ளே கிடந்தது. அதில் கை பட்ட நேரம் மிகக் குறைவு. பெட்டியடியில் தேங்கிய ஐஸ் நீரே அதற்குச் சாட்சி.

உடனே இறாலுக்கென ஒரே நேர்க்கோட்டு வரிசை, அதாவது உற்பத்திப்பொருள் தளவமைப்பு அமைத்தோம். இறால் நிறைய வந்த நாட்களில் அது அருமையாக ஓடியது. ஆனால் இங்கே விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. கணவாய் மட்டும் வந்து இறங்கிய ஒரு நாளில், உரிக்கும் வரிசையின் மூத்த அக்கா என்னிடம், "இன்னைக்கு இறால் இல்ல தம்பி, நாங்க எங்க நிக்கிறது?" என்று கேட்டார். ஒரே பொருள் சீராகவும் மிகுதியாகவும் வரும் இடத்துக்கு உரியது அந்த வரிசை. எங்கள் துறைக்கு அது பொருந்தவில்லை.

பிறகு ஒரே வகைக் கத்தியும் மேசையும் கைவேலையும் கேட்கும் பொருட்களைக் குடும்பங்களாகப் பிரித்து, இறாலுக்கு ஒன்று, கணவாய்க்கு ஒன்று என இரண்டு செல்களை, அதாவது ஒரு குடும்பத்தின் வேலைகள் ஓரிடத்திலேயே அடுத்தடுத்து நடக்கும் சிறு பிரிவுகளை, 'ப' வடிவில் அமைத்தோம். நுழைவும் முடிவும் அருகருகே இருந்ததால் மேற்பார்வையாளர் ஒரே பார்வையில் தேக்கத்தைக் கண்டார். இறால் செல்லில் மணிக்கு 120 கிலோ முடிந்தது. காத்திருந்தவை 3 பெட்டிகள், 60 கிலோ. மூன்று மணி நேரம் அரை மணியானது. இரு வேலையும் தெரிந்த பெண்களை, வரத்துக்கு ஏற்ப ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினோம். அந்தப் பயிற்சிக்கு ஒரு பருவமே ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

உறையவைக்கும் இயந்திரத்தை மட்டும் செல்லுக்கு ஒன்றாக வாங்க முடியவில்லை. அது பொதுவாகவே நின்றது. ஒரு முறை அடுக்கிக் கதவை மூடினால், உறையும்வரை திறக்கக்கூடாது. இரண்டு செல்களும் வேகமாக முடித்த நாட்களில் தட்டுகள் அந்தக் கதவருகே வரிசை கட்டின. ஆகவே ஒவ்வொரு செல்லுக்கும் கதவு திறக்கும் நேரத்தைக் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவைத்து, அந்த நேரத்துக்கு ஏற்பவே பெட்டிகளை உள்ளே விடத் தொடங்கினோம்.