வலது காதைக் காட்டிக்கொடுத்த கண் அசைவு

படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலோ, பரணை அண்ணாந்து பார்த்தாலோ அறையே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும். வீட்டில் பித்தம் என்றார்கள், நண்பர்கள் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர், காது கேட்பதையும் நடையையும் சோதித்துவிட்டு, ஸ்கேன் எதுவும் எழுதித் தராமல் என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

டிக்ஸ்-ஹால்பைக் எனப்படும் அந்தச் சோதனையில், என் முகத்தை 45 பாகை வலப்புறம் திருப்பி, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தாழ்ந்திருக்குமாறு விரைவாக மல்லாத்தினார். கண்ணை மூடக் கூடாது என்பதே நிபந்தனை. சில விநாடிகள் ஒன்றும் இல்லை. பிறகு சுழற்சி பொங்கி எழுந்து, மெல்லத் தணிந்தது. மனைவி எடுத்த காணொளியில், கண்கள் மேல்நோக்கித் துள்ளியதையும், ஒவ்வொரு துள்ளலிலும் கருவிழியின் மேல்விளிம்பு வலது காதின் பக்கம் திருகியதையும் பின்னர் பார்த்தேன். இடப்புறம் இதையே செய்தபோது கண் அசையவில்லை.

உட்செவியின் யூட்ரிக்கிள் என்னும் பையில் சுண்ணாம்புத் துகள்களான செவிக்கற்கள் ஒட்டியிருக்கின்றன. ஈர்ப்பு விசையை நாம் உணர்வது அவற்றால்தான். தலையின் சுழற்சியை அறிவது மூன்று அரைவட்டக் குழாய்களின் வேலை. கற்கள் உதிர்ந்தால், தாழ்வாக அமைந்த பின்குழாயில் சேர்வதே வழக்கம். படுத்ததும் அவை சரிந்து குழாயின் திரவத்தை இழுக்க, தலை நின்றுவிட்ட பிறகும் சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகிறது. கண்கள் மெதுவாகக் கீழே நகர்கின்றன, மூளை அவற்றை வெடுக்கென்று மேலே இழுக்கிறது. கற்கள் அடியில் தங்கியதும் எல்லாம் நின்றுவிடுகிறது.

செவிக்கற்கள் உதிர்வதால் வரும் இந்தத் தலைசுற்றலில் துள்ளல் பழுதான காதைக் காட்டுகிறது. சமநிலை நரம்பு அழற்சியிலோ நேரெதிர். வலது நரம்பு செயலிழந்தால் இடது நரம்பின் சமிக்ஞையே ஓங்கி நிற்பதால், அசையாமல் இருக்கும்போதும் கண்கள் இடையறாது இடப்புறம், அதாவது நல்ல காதை நோக்கித் துள்ளும். தாமதமோ தணிவோ இல்லாமல் கண்கள் நேர் கீழ்நோக்கித் துள்ளினால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும் என்றும், அப்போது ஸ்கேன் அவசியம் என்றும் அவர் சொன்னார்.

எப்லி முறைச் சிகிச்சை, முகம் வலப்புறம் திரும்பி மல்லாந்த அதே நிலையில் தொடங்கியது. தொங்கிய தலையை 90 பாகை இடப்புறம் திருப்பினார். பிறகு உடலோடு இடப்பக்கம் உருண்டு மூக்கு தரையைப் பார்க்குமாறு படுத்தேன். இறுதியில் மெதுவாக எழுந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு நிலையிலும் சுற்றல் அடங்கும்வரை காத்திருந்தது, கற்கள் குழாயைச் சுற்றி வந்து மீண்டும் பையில் விழுவதற்காக.

மறுசோதனையில் கண்கள் அசையவில்லை. நடையில் மட்டும் லேசான மிதப்பு சில நாள் நீடித்தது. சுற்றல் திரும்ப வந்தால், பழைய நினைவில் வலப்புறத்துக்கே இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்றார். கற்கள் கிடைமட்டக் குழாய்க்குள் போயிருந்தால் கண்கள் பக்கவாட்டில் துள்ளும், அதற்கு உருட்டும் முறையே வேறு.